போட்டோவில் பிளவுஸ், டேப்பில் அளவு

தையல்கடை டிசைன் புத்தகத்தில் இருப்பது மாடலின் முதுகு. தைக்கக் கொடுப்பவருடையது அல்ல. அதனால் சில டெய்லர்கள் இப்போது வாடிக்கையாளரின் போட்டோவிலேயே புது டிசைனை வரைந்து காட்டுகிறார்கள். போட்டோவில் பிளவுஸ் இருக்கும் இடத்தை விரலால் தேய்த்துக் குறித்து, வேண்டிய கழுத்தையும் கையையும் சொன்னால், ஏஐ செயலி அந்த இடத்தை மட்டும் புதிதாக வரைகிறது. முகமும் புடவையும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒரு பெண்ணுக்கு இறக்கமான பின்கழுத்தும் பஃப் கையும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கொண்டையைத் தூக்கிப் போட்டு, நிமிர்ந்து நிற்க வைத்து, கேமராவை முதுகு உயரத்தில் பிடித்துப் படம் எடுக்கிறார் டெய்லர். மேலிருந்து எடுத்தால் முதுகு குறுகித் தெரியும். வந்த படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்துக்கு அங்குலம் தெரியாது.

இங்கே கைகொடுப்பது அவர் போட்டிருக்கும் பழைய பிளவுஸ். அதன் பின்பக்க உயரம் டேப்பில் 14 அங்குலம், திரையில் 7 சென்டிமீட்டர். அப்படியானால் திரையின் 1 சென்டிமீட்டருக்கு 2 அங்குலம். புதுக் கழுத்து திரையில் 5.5 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. தைத்தால் 11 அங்குலம். கீழே மிஞ்சுவது 3 அங்குலப் பட்டை. உள்ளாடை தெரியும் என்று டெய்லர் சொன்னதும் அந்தப் பெண் 9 அங்குலத்துக்கு ஒப்புக்கொள்கிறார். அப்போதும் தோள் நழுவாமல் இருக்க மேலே ஒரு கயிறு வேண்டும். படத்தில் தோள் ஒருநாளும் நழுவாது.

அடுத்த சிக்கல் துணி. புடவையோடு வந்த பிளவுஸ் பிட் 80 சென்டிமீட்டர், அதாவது சுமார் 31 அங்குலம்; பெரிய பார்டர் ஒரு ஓரத்தில் மட்டும். படத்திலோ இரண்டு பஃப் கையிலும் பார்டர் தாராளமாக ஓடுகிறது. சுருக்கத்தோடு ஒரு கைக்கு 18 அங்குலம் என்றால் இரண்டுக்கும் 36 ஆகிவிடும். செயலி இல்லாத பார்டரை வரைந்திருக்கிறது. டெய்லர் பார்டரைத் தனியாக வெட்டி, கைநுனியில் பட்டியாக வைக்கிறார். கைச்சுற்று 11 அங்குலம். இரண்டுக்கும் 22 போதும், தையலுக்கு விடவும் துணி இருக்கும்.

செயலி வேறு குறும்பும் செய்யும்: இடுப்பைக் குறைக்கும், நிறத்தை வெளுப்பாக்கும், சங்கிலியைக் கழுத்தோடு கரைத்துவிடும். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து இடுப்பையும் கைகளையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். உடம்பே மாறியிருந்தால் அந்தப் படத்தைப் பார்த்து டிசைனை முடிவுசெய்யக் கூடாது.

செயலிகள் பலவும் போட்டோவைத் தங்கள் சர்வருக்கு அனுப்பித்தான் வரைகின்றன. எனவே கடையில் படம் எடுக்கச் சொன்னால், முகம் தெரியாமல் முதுகை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்; பின்கழுத்து டிசைனுக்கு அது போதும்.