பக்கத்துக் கொல்லையின் வறண்ட போர்

சித்தூரிலிருந்து பலமநேர் போகும் வழியில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் யாராவது போர் பேச்சை எடுத்துவிடுவார்கள். பாதி தெலுங்கு, பாதி தமிழ். "எங்க சித்தப்பா கொல்லையில எண்ணூறு அடி போட்டாரு. கடைசி வரைக்கும் புகைதான் வந்துச்சு" என்றார் ஒரு இளைஞர். பக்கத்தில் இருந்த ஒருவர் அந்தப் பக்கமே தண்ணீர் இல்லை என்று முடிவு கட்டினார். இன்னொருவர், எண்ணூறு போதாது, ஆயிரம் போயிருக்க வேண்டும் என்றார். ஒரே கதையிலிருந்து நேரெதிரான இரண்டு பாடங்கள். காரணம், அந்தக் கதையில் மிஞ்சியிருந்தது ஆழம் மட்டும்தான்.

அந்தப் புகை என்பது பாறைத் தூள். ரிக் வண்டியின் கம்ப்ரசர் காற்று அடியிலிருந்து தள்ளி மேலே கொண்டுவருவது. இந்தப் பகுதியின் அடியில் கிடப்பது பெரும்பாலும் கிரானைட்டும் அதன் உறவுப் பாறைகளும். உடையாத கிரானைட்டுக்குள் நீர் தங்க இடமே கிடையாது. மேலே சில பத்து அடிகளுக்கு வெயிலும் மழையும் சிதைத்த மக்கிய பாறை இருக்கும். மழைநீர் சேரும் தொட்டி அதுதான். அதற்குக் கீழே கெட்டிப் பாறையில் ஓடும் வெடிப்புகள், அந்தத் தொட்டியிலிருந்து நீரைக் கொண்டுவரும் குழாய்கள் மாதிரி. ஊரில் நீரோட்டம் என்று சொல்வது நிலத்தடி ஆற்றை அல்ல, இந்த வெடிப்புகளைத்தான். ஆறரை அங்குலத் துளை ஒரு வெடிப்பைத் தொட்டால் தண்ணீர். ஓர் அடி தள்ளிப் போனால் புகை.

'போர் ஃபெயில்' என்று ஒரே சொல்லில் சொல்லப்படுவதற்குள் குறைந்தது மூன்று வேறு வேறு சம்பவங்கள் இருக்கின்றன. முதல் வகை, வெடிப்பு எதையும் தொடாமல் முதல் நாளே வறண்டது. அதிலிருந்து தெரிவது அந்த ஒரு புள்ளியைப் பற்றி மட்டுமே. இரண்டாவது வகை வெறும் வேலைக் குறை. கேசிங் பைப்பை மக்கிய பாறை முடிந்து கெட்டிப் பாறைக்குள் இறக்காமல், செலவை மிச்சம் பிடிக்கப் பாதியில் நிறுத்தியிருப்பார்கள். சேறும் கல்லும் சரிந்து மோட்டார் மாட்டிக்கொள்ளும். அங்கே தண்ணீர் இருந்தது, துளைதான் போனது.

மூன்றாவது வகைதான் அதிகம் ஏமாற்றுவது. தண்ணீர் வந்தது, சில வருடம் ஓடியது, பிறகு நின்றுபோனது. வெடிப்பு அங்கேயேதான் இருக்கிறது, அதற்கு நீர் கொடுத்த மேல் தொட்டி காலியாகிவிட்டது. இங்கே தோற்றது ஒரு போர் அல்ல. அதே தொட்டியில் துளை போட்ட சுற்றுவட்டாரம் முழுவதும். இதைக் கேட்டுவிட்டுப் பக்கத்து நிலத்தில் இன்னும் ஆழமாகப் போடுவது, காலிப் பானைக்குள் நீளமான குழாயை விடுவது போல. அதோடு ஆழம் கூடக் கூட மேலுள்ள பாறையின் எடை வெடிப்புகளை இறுக்கி மூடுகிறது. ஆயிரம் அடியில் தண்ணீர் கண்டவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களை ஊரே பெயர் சொல்லிப் பேசும். அதே ஆழத்தில் புகை கண்டவர்கள் வெளியே அதிகம் பேசுவதில்லை.

அடுத்தவர் போரிலிருந்து எது நம் நிலத்துக்குச் செல்லும், எது செல்லாது? மக்கிய பாறையின் கனம் பெரும்பாலும் செல்லும்; இரண்டு கொல்லைகளுக்கிடையே அது மெதுவாகத்தான் மாறும். அவர் எத்தனை அடி கேசிங் இறக்கினார் என்று கேட்டாலே அது தெரிந்துவிடும். தூள் எந்த அடியில் ஈரமானது, அப்போது நிறம் மாறியதா என்பதும் கேட்க வேண்டியது. சாம்பல் நிறத்தில் பளபளத்து வந்த தூள் திடீரென்று துரு ஏறிய பழுப்பாக மாறினால், அந்த இடத்தில் நெடுங்காலம் நீர் நடந்திருக்கிறது. எந்த மாதம் போட்டார் என்பதை நான் விடவே மாட்டேன். டிசம்பரில் பருவமழை முடிந்த கையோடு போட்ட போர் காட்டும் இரண்டு இஞ்சுத் தண்ணீருக்கும், மே மாதத்தில் காட்டும் இரண்டு இஞ்சுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

செல்லாதது, வெடிப்பின் இடம். கிரானைட்டை வெட்டிக்கொண்டு சில இடங்களில் டோலரைட் என்ற கறும்பாறைச் சுவர்கள் ஓடுகின்றன. கறுப்பு கிரானைட் என்று மெருகேற்றி விற்கப்படுவதில் பெரும்பங்கு இதுதான். கொல்லை நடுவே கறுப்புக் குண்டுக் கற்கள் ஒரே கோடாகக் கிடந்தால் அடியில் அப்படி ஒரு சுவர் இருக்கலாம். அது அணை போலவும் வேலை செய்யும். சரிவின் மேல்பக்கம் நீர் தேங்கும், கீழ்ப்பக்கம் ஐம்பது மீட்டரில் வறண்டிருக்கும். வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரரின் தோல்வி உங்களுடையது அல்ல. அவருடைய வெற்றியும் அப்படித்தான்.

இன்னும் கொஞ்சம் தூரம் போனால் பாறையே மாறிவிடும். திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில், கீழே பழைய கிரானைட், மேலே படிந்து இறுகிய குவார்ட்சைட் என்று இரண்டு யுகங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும் கோடு தெரியும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. சுவர்ணமுகி ஆற்றோரம் மணல் படுகை. இந்த மூன்று இடத்துப் போர்க் கதைகளையும் ஒரே டீக்கடையில் கேட்டுவிட்டு ஒன்றாகக் கலக்கக் கூடாது.

"நாலு போச்சு, அஞ்சாவது வராமலா போகும்?" என்ற கணக்கும் உண்டு. பூவா தலையா போட்டால்கூட நாலு தடவை தோற்றவருக்கு ஐந்தாவது தடவை தனிச் சலுகை கிடையாது. போரில் அதைவிட மோசம். ஒரே மூன்று ஏக்கரில் நான்கும் வறண்டது என்றால் அந்த நிலத்தில் வெடிப்பே குறைவு என்பதற்கு அது சாட்சி. ஐந்தாவதின் வாய்ப்பு கூடவில்லை, குறைந்திருக்கிறது.

மேல் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்தவர்களும் உண்டு. ஆந்திரத்தில் 2000-களில் சித்தூர் உட்பட வறட்சி மாவட்டங்கள் ஏழில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஆதரவோடு ஒரு திட்டம் நடந்தது. பெயர் ஏ.பி.எஃப்.ஏ.எம்.ஜி.எஸ்.; விவசாயிகளே நிலத்தடி நீரை நிர்வகிப்பது என்பது அதன் பொருள். மழையை அளப்பதும், குறித்த சில போர்களில் நீர்மட்டம் பார்ப்பதும் ஊர்க்காரர்கள் வேலை. பருவம் தொடங்கும்போது கூடி, இருக்கும் நீர் எவ்வளவு, நினைத்திருக்கும் பயிர்களுக்கு வேண்டியது எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். இன்ன பயிர்தான் வைக்க வேண்டும் என்று யாருக்கும் உத்தரவு கிடையாது. கணக்கைப் பார்த்துவிட்டு அவரவர் முடிவு.

அந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்று நாமே போட்டுப் பார்க்கலாம். இந்தப் பக்கம் வருட மழை தோராயமாக 900 மில்லிமீட்டர். கிரானைட் நிலத்தில் அதில் பத்தில் ஒரு பங்குதான் நிலத்தடிக்கு இறங்கும் என்று வைப்பது வழக்கம். ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 3.6 லட்சம் லிட்டர். ஒரு போக நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல். வயலிலிருந்து திரும்ப இறங்குவதைக் கழித்தாலும், ஒரு ஏக்கர் நெல்லுக்குப் பத்து ஏக்கர் அளவின் மழை வேண்டும். மூன்று ஏக்கர்க்காரர் போரை நம்பி ஒரு ஏக்கர் நெல் வைத்தால், மிச்ச நீர் அக்கம்பக்கத்தாரின் நிலத்தடியிலிருந்துதான் வருகிறது. அவர்களும் நெல் வைக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது.

அந்த இளைஞரின் சித்தப்பாவை அப்புறம் பார்த்தேன். கேசிங் எத்தனை அடி என்று கேட்டதும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லையாம். எழுபது அடி. 230 அடியில் பழுப்புத் தூள், இரண்டு இஞ்சுத் தண்ணீர், நல்லாவே ஓடியதாம். மூன்றாவது கோடைக்குள் சுற்றி நாலு புதுப் போர் வந்தது, இவருடையது நின்றது. அதற்குப் பிறகுதான் அதே துளையை எண்ணூறு வரை இறக்கியிருக்கிறார். டீக்கடைக்கு வந்து சேர்ந்தது அந்தக் கடைசி 570 அடி மட்டும்.