வெள்ளி விழா போஸ்ட்டில் கடைக்கு ஒரே ஒரு வரி

இன்னைக்கு ஒரு ஃபேஸ்புக் போஸ்ட்டைத் திருத்தின கதை. நாகர்கோவிலில் எங்க மாமா தையல் மிஷின் ரிப்பேர் கடை வச்சிருக்கார். கடைக்கு 25 வருஷம் முடிஞ்சது. அவரே ஒரு போஸ்ட் எழுதி, "எழுத்துப் பிழை மட்டும் பாரு மக்கா"ன்னு எனக்கு அனுப்பினார்.

> 25 ஆண்டு கால வெற்றிப் பயணம்! தரமே எங்கள் தாரக மந்திரம். வாடிக்கையாளர்களின் பேராதரவோடு வெள்ளி விழா காணும் எங்கள் நிறுவனம் என்றும் சிறந்த சேவை வழங்கும்.

பிழை ஒண்ணும் இல்லை. ஆனா இதுக்கு மேல ஒரு நகைக்கடை பேரைப் போட்டாலும், டிரைவிங் ஸ்கூல் பேரைப் போட்டாலும் ஒரு எழுத்தைக்கூட மாத்த வேண்டாம். தையல் மிஷினே இதுல இல்லை. படிக்கிறவங்க "வாழ்த்துகள்"னு ஒரு வார்த்தை போட்டுட்டுப் போயிடுவாங்க. அதுக்கு மேல சொல்ல நாம எதுவும் கொடுக்கலை.

"உங்க கஸ்டமர் கதை ஏதாவது சொல்லுங்க மாமா"ன்னேன். "எல்லாரும் நல்லாதான் சொல்லுவாவ, கேட்டியா"ன்னார். அது கதை இல்லையே! அதனால பழைய ரிப்பேர் நோட்டுகளை எடுத்தோம். என் வேலையில சர்வர் படுத்தா முதல்ல லாக் ஃபைலைப் பார்ப்பேன். மாமாவுக்கு இந்த நோட்டுதான் லாக் ஃபைல். தேதி, பேர், என்ன பழுது, எவ்வளவு வாங்கினது, எல்லாம் இருக்கு.

பெரும்பாலான வரிகள் ஒரே மாதிரி: "நூல் அறுகுது", "தையல் விடுது". 2017 டிசம்பரில் ஒரு வரி மட்டும் வித்தியாசமா இருந்தது: "மோட்டார் கழற்றி, கால் ஸ்டாண்ட் மாட்டினது." ஓடுற மோட்டாரை யாராவது கழற்றச் சொல்லுவாங்களா? தேதியைப் பார்த்ததும் புரிஞ்சது. நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல். மாவட்டத்துல பல ஊர்களுக்கு நாள்கணக்கா கரண்ட் இல்லை.

அந்த அக்காவுக்கு போன் பண்ணினோம். "எங்க சர்வீஸ் எப்படி இருந்தது?"ன்னு கேட்கலை. அப்படிக் கேட்டா "சூப்பர்"னுதான் பதில் வரும். மூணே கேள்வி: அன்னைக்கு என்ன நடந்தது, எதுக்கு அவ்வளவு அவசரம், மிஷினை எடுத்துட்டுப் போய் என்ன தைச்சீங்க? அவங்க இருபது நிமிஷம் பேசினாங்க.

இங்கேதான் ஒரு சிக்கல். மாமா, "அன்னைக்கு நான் பைசாவே வாங்கலை"ன்னு உறுதியா சொன்னார். நோட்டுல 300 ரூபாய் வரவுன்னு இருக்கு. அக்காவும் "கொடுத்தேனே"ன்னாங்க. மாமா பொய் சொல்லலை. வருஷம் ஆக ஆக நம்ம ஞாபகம் நம்மையே கொஞ்சம் நல்லவனாக்கிடும். அப்படியே எழுதியிருந்தா, கஸ்டமர் கதைன்ற பேர்ல திரும்பவும் தற்பெருமைதான் வந்திருக்கும். அதனால ரெண்டு பேர் சொல்றதும் நோட்டும் ஒத்துப்போனதை மட்டும் எழுதினோம்.

> 2017 டிசம்பர். ஒக்கிப் புயலுக்குப் பிறகு அந்த ஊரில் கரண்ட் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு 14 குழந்தைகளின் கவுன் தைத்தாக வேண்டும். மிஷினோ மோட்டாரில் ஓடுவது. "மோட்டாரைக் கழற்றிவிட்டு மிதிக்கிற மாதிரி மாற்றிக் கொடுங்க" என்று ஒரு அக்கா ஆட்டோவில் கொண்டுவந்தார். பழைய கால் ஸ்டாண்ட் ஒன்றில் மாட்டி, பெல்ட் போட்டுக் கொடுத்தோம். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் மிதித்தே 14 கவுனையும் தைத்து முடித்தார். அந்த ஸ்டாண்ட் இன்னும் அவர் வீட்டில் இருக்கிறது. எங்கள் கடைக்கு 25 வயது.

கடைசி வரியைப் பார்த்துட்டு மாமா, "எனக்கு ஒத்த வரிதானா?"ன்னு முகத்தைத் தூக்கிக்கிட்டார். ஃபேஸ்புக்ல நீளமான போஸ்ட்டின் முதல் சில வரிதான் வெளியே தெரியும், மிச்சம் "மேலும் பார்க்க"வுக்குள்ள போயிடும். அந்த முதல் வரியில "வெற்றிப் பயணம்" இருந்தா உள்ளே வரமாட்டாங்க, 14 கவுன் இருந்தா வருவாங்கன்னு விளக்கினேன்.

போடுறதுக்கு முன்னாடி அக்காவுக்கு முழுசா வாசிச்சுக் காட்டினோம். ஊர் பேரை எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டோம். இந்த எபிசோடில் சொல்லவும் கேட்டுக்கிட்டேன். இன்னொருத்தர் கதை இதைவிட உருக்கமானது. கடன் வாங்கி மிஷின் வாங்கினவங்க. ஆனா அந்தக் கடன் வீட்டுல யாருக்கும் தெரியாதாம், "வேண்டாம் தம்பி"ன்னுட்டாங்க. பேரை மாத்திப் போடலாமான்னு மாமா கேட்டார். கடைக்கு வர்றவங்க எல்லாரும் சுத்துவட்டார ஆட்கள். ரெண்டு வரி படிச்சாலே யாருன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. அதனால அந்தக் கதை நோட்டோட நின்னுடுச்சு.

போஸ்ட் போட்ட அன்னைக்கு ராத்திரி மாமா கமெண்ட்டை வாசிச்சுக்கிட்டே இருந்தார். வாழ்த்துகளும் இருந்தது. ஆனா ஒருத்தர், தன் அம்மா மிஷினோட சக்கரத்துல சின்ன வயசுல விரலை விட்ட கதையை எழுதியிருந்தார். இன்னொருத்தர் புயல் வாரத்துல தன் வீட்டுல நடந்ததை எழுதியிருந்தார். மாமா நோட்டைத் திரும்ப எடுத்து, "லேய், இந்த ஆளு 2009-ல வந்திருக்காரு, கேட்டியா"ன்னார்.

அடுத்த வருஷத்துக்கான போஸ்ட்டை அவரே தேட ஆரம்பிச்சுட்டார்.