அழைப்பது மகன் குரல்தானா? துண்டித்துவிட்டு நாமே திரும்ப அழைப்போம்



செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு ஒருவரின் குரலை அப்படியே போலியாக உருவாக்கி, "அவசரமாகப் பணம் அனுப்புங்கள்" என்று உறவினரிடம் கேட்கும் மோசடி பற்றித் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப்பிரிவு 2024-லேயே பொதுமக்களை எச்சரித்தது. நம் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். அவருடைய குரலைப் போனில் கேட்டுத்தான் குடும்பம் நடக்கிறது. ஆகவே இந்த மோசடி எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் அதைத் தடுக்கலாம் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்கலாம். 2023 ஜூலையில், கோழிக்கோட்டில் வசிக்கும், நிலக்கரி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்குப் புதிய எண்ணிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது. தன்னோடு முன்பு வேலை பார்த்த ஆந்திர நண்பர் என்று அந்த ஆள் சொன்னார். குடும்பப் படங்களை அனுப்பினார். பழைய நண்பர்களைப் பற்றி விசாரித்தார். பிறகு குரல் அழைப்பு வந்தது. தான் துபாய் விமான நிலையத்தில் இருப்பதாகவும், மும்பையில் உறவுக்காரப் பெண்மணிக்கு அவசர அறுவை சிகிச்சை என்றும், 40,000 ரூபாய் உடனே அனுப்பினால் இந்தியா வந்து இறங்கியதும் திருப்பித் தருவதாகவும் சொன்னார்.

பெரியவருக்குச் சந்தேகம் வராமல் இல்லை. நேரில் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். உடனே வீடியோ அழைப்பு வந்தது. சில விநாடிகள்தான் நீடித்தது, திரையில் முகம் மட்டுமே தெரிந்தது. ஆனால் அது நண்பரின் முகம். பணம் போய்விட்டது. சற்று நேரத்தில் இன்னும் 35,000 வேண்டும் என்று கேட்டபோதுதான் மனம் உறுத்தியது. நண்பரைத் தாமாகவே தொடர்பு கொண்டு கேட்டார். அவர் அழைக்கவே இல்லை என்று தெரிந்தது.

அந்தப் பெரியவர் அசட்டையாக இருந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. நம்மில் பலர் செய்யாத ஒன்றை அவர் செய்தார், சரிபார்க்கக் கேட்டார். ஆனால் அந்தச் சரிபார்ப்பைச் செய்து காட்டும் வேலையை எதிர்முனையில் இருந்தவனிடமே விட்டுவிட்டார். கடைசியில் அவர் செய்த அந்த ஒரே காரியத்தை, அதாவது தாமாக நண்பரைத் தொடர்பு கொண்டதை, முதலிலேயே செய்திருந்தால் 40,000 ரூபாய் கையில் இருந்திருக்கும். புகார் கொடுத்த பிறகு கேரளக் காவல்துறை பணம் போன கணக்கைக் கண்டுபிடித்து முடக்கியது; எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

குரலை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். நிக்காஹ் வீடியோ, ஸ்டேட்டஸில் போட்ட பேச்சு, யாரோ குழுவில் பகிர்ந்த வாய்ஸ் மெசேஜ், "ஹலோ, யாருங்க?" என்று நாமே பேசிய தெரியாத எண் அழைப்பு, எதிலிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் அறிவித்த ஓர் ஆங்கிலக் குரல் கருவிக்கு மூன்று விநாடி ஒலிப்பதிவே போதுமானதாக இருந்தது. எனவே குரலைப் பூட்டி வைப்பது நடக்காத காரியம்.

இந்த அழைப்புகளுக்கு ஒரு வாடிக்கையான அமைப்பு உண்டு. பெரும்பாலும் மோசடிக்காரன் வார்த்தைகளைத் தட்டச்சு செய்து, அதைக் குரலாக்கிப் போடுகிறான். குறுக்குக் கேள்வி கேட்டால் பதில் தாமதமாகும், அல்லது பொருந்தாமல் போகும். அதனால் மகனின் குரல் அழுதபடி இரண்டு மூன்று வாக்கியம் மட்டும் பேசும். உடனே வேறொரு ஆண் குரல் போனை வாங்கிக்கொள்ளும்; இன்ஸ்பெக்டர் என்றோ, டாக்டர் என்றோ, வக்கீல் என்றோ சொல்லும். "போனை வைக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்" என்பது தவறாமல் வரும். சில வீடுகளில் "அத்தா என்று கூப்பிடுகிற பிள்ளை அப்பா என்று கூப்பிட்டால் கண்டுபிடித்துவிடலாமே" என்கிறார்கள். கண்டுபிடிக்கலாம்தான். ஆனால் திருடிய ஒலிப்பதிவிலேயே "அத்தா" என்று இருந்தால் அதுவும் சரியாகவே வரும். காதை நம்பி முடிவெடுக்கும் எந்த வழியும் நிலைக்காது.

நிலைப்பது ஒன்றுதான். பணம் கேட்டு யார் அழைத்தாலும், குரல் எவ்வளவு பழக்கமாக இருந்தாலும், "நான் கூப்பிடுகிறேன்" என்று சொல்லித் துண்டித்துவிட வேண்டும். பிறகு முன்பே எழுதி வைத்திருக்கும் எண்ணை நாமே அழுத்தி அழைக்க வேண்டும்.

இதில் "முன்பே எழுதி வைத்திருக்கும்" என்பதுதான் முக்கியம். அழைத்தவன் "இந்தப் புது எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று கொடுக்கும் எண் பயன்படாது. வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பை வாட்ஸ்அப்பிலேயே திரும்ப அழைப்பதும் கூடாது. மகனின் வாட்ஸ்அப் கணக்கையே களவாடியிருந்தால் திருடனே எடுத்துப் பேசுவான். வந்த வழி வேறு, நாம் போகும் வழி வேறாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்தால் சாதாரண அழைப்பில் கூப்பிடுங்கள். சாதாரண அழைப்பில், திரையில் மகனின் பெயரே தெரிந்தாலும், அதுவும் சான்று அல்ல. காட்டப்படும் எண்ணைப் போலியாக்க முடியும். துண்டித்துவிட்டு நாம் எண்ணை அழுத்தும்போது அழைப்பு உண்மையான சிம்முக்கே போகும்.

அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கூரியர் வந்திருக்கிறது, சிம் முடங்கப் போகிறது என்று ஏதாவது சொல்லி, *401* என்று தொடங்கி ஓர் எண்ணை அழுத்தச் சொல்வார்கள். அழுத்தினால் அந்த ஆளுக்கு வரும் அழைப்புகளெல்லாம் மோசடிக்காரனின் போனுக்குத் திரும்பிவிடும். இப்படிப் பலர் ஏமாந்ததால்தான் தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல் குறியீடு அழுத்தி அழைப்பைத் திருப்பும் வசதியை நிறுத்தி வைக்க உத்தரவிட்டது. சந்தேகம் இருந்தால் உங்கள் போனில் ##002# அழுத்திப் பழைய திருப்பங்களை நீக்கிக்கொள்ளலாம். இந்த ஓட்டைக்காகத்தான் ஒருவருக்கு ஓர் எண் போதாது என்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அவருடைய எண், அறையில் உடன் தங்கியிருப்பவரின் எண், கம்பெனியில் ஒருவரின் எண் என மூன்றையும் வாங்கி, போனில் மட்டுமல்லாமல், அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

பிள்ளை எடுக்கவில்லை என்றால்? பெரும்பாலான குடும்பங்கள் உடைவது இந்த இடத்தில்தான். நமக்கு விடிந்து ஏழு மணி என்றால் துபாயில் ஐந்தரை, ரியாத்தில் நாலரை. பிள்ளை தூங்குவார், அல்லது விமானத்தில் இருப்பார். எடுக்கவில்லை என்பதையே "உண்மையிலேயே மாட்டிக்கொண்டார்" என்பதற்குச் சான்றாக மனம் எடுத்துக்கொள்கிறது. அப்போது இரண்டாவது எண், மூன்றாவது எண். மூன்றும் கிடைக்காவிட்டால் பணம் போகாது, காத்திருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து இப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். அழுகைக் குரலைக் கேட்டுக்கொண்டே உம்மாவால் தனியாக அந்த முடிவை எடுக்க முடியாது. உண்மையான மருத்துவச் செலவாக இருந்தால் மருத்துவமனையின் பெயரையும் ஊரையும் கேட்டு, அதன் எண்ணை நாமே தேடி அழைத்து, கட்ட வேண்டியதை மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டலாம். ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று எந்த மருத்துவமனையும் நிர்ப்பந்திப்பதில்லை.

ரகசியச் சொல் ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்கிறார்கள். வைக்கலாம், ஆனால் பதற்றத்தில் வயதானவர்களுக்கு அது நினைவுக்கு வராது. அதைவிட, வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்பது எளிது: "போன ஜும்ஆ அன்று போனில் எதற்காகச் சண்டை போட்டோம்?" 2024 ஜூலையில் இத்தாலியின் ஃபெராரி கார் நிறுவனத்தில் தலைவரின் குரலில் வந்த அழைப்பை ஓர் அதிகாரி இப்படித்தான் முறியடித்தார். சில நாள் முன்பு தலைவர் தமக்குப் பரிந்துரைத்த புத்தகம் எது என்று கேட்டார், அழைப்பு துண்டிக்கப்பட்டது. கேள்விக்கான பதில் ஸ்டேட்டஸில் இல்லாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடை, கம்பெனி வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. ஆரூப் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் கிளையில், ரகசியப் பரிவர்த்தனை என்று வந்த செய்தியை ஊழியர் முதலில் சந்தேகித்தார். பிறகு வீடியோ கூட்டத்தில் நிதித் தலைவரும் மற்ற அதிகாரிகளும் இருப்பதைப் பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது. அந்தக் கூட்டத்தில் அவரைத் தவிர மற்றவர்கள் போலி. 15 தடவையாக ஐந்து கணக்குகளுக்கு, நம் பணத்தில் சுமார் 200 கோடி ரூபாய் போனது. 2024 பிப்ரவரியில் செய்தி வெளியானது. தலைமை அலுவலகத்தைத் தாமாகத் தொடர்பு கொண்ட பிறகே அவருக்கு உண்மை தெரிந்தது. கோழிக்கோட்டுப் பெரியவரின் கதைதான், தொகை மட்டும் வேறு.

மாசி வீதி ஜவுளிக்கடையிலோ கீழவாசல் மொத்த வியாபாரத்திலோ முதலாளி பயணத்தில் இருப்பது கணக்குப் பார்ப்பவருக்கும் தெரியும், ஸ்டேட்டஸைப் பார்ப்பவருக்கும் தெரியும். "சூரத் பார்ட்டிக்கு மூன்று லட்சம் போடு, நான் மீட்டிங்கில் இருக்கிறேன், கூப்பிடாதே" என்று முதலாளி குரலில் வந்தால் பையன் என்ன செய்வான்? திருப்பிக் கேட்டால் திட்டு விழும் என்று பயந்து போட்டுவிடுவான். ஆகவே விதியை முதலாளியே எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்ட வேண்டும். இத்தனை ரூபாய்க்கு மேல், அல்லது புதிய கணக்குக்கு எவ்வளவானாலும், என் எண்ணுக்குத் திரும்ப அழைத்துக் கேட்காமல் அனுப்பக் கூடாது. நானே வேண்டாம் என்று சொன்னாலும் அழைக்க வேண்டும். அதற்காக யாரையும் கடிந்துகொள்ள மாட்டேன். கடைசி வரி இல்லாமல் முதல் இரண்டும் வேலை செய்யாது. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று சரக்கு அனுப்புகிறவர் சொல்வதற்கும் இதே விதி. பழைய பில்லில் இருக்கும் எண்ணை அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் போய்விட்டால் அழுவதற்கு முன் 1930-ஐ அழையுங்கள். யுபிஐ-யில் போன பணத்தை வங்கி தானாகத் திரும்ப எடுக்க முடியாது. அது முதல் கணக்கிலிருந்து இரண்டாவது, மூன்றாவது கணக்குக்கு ஓடுவதற்குள் முடக்கினால்தான் மிஞ்சும். அனுப்பிய நேரம், தொகை, பரிவர்த்தனை விவரத்தில் இருக்கும் 12 இலக்க எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிந்து, உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். செய்தி, அழைப்புப் பதிவு எதையும் அழிக்க வேண்டாம். வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைப்பவர்களுக்குத்தான் பணம் முழுதாகப் போகிறது.

நமது அறக்கட்டளையின் கணக்குக்கும் இதே நடைமுறைதான். மருத்துவ உதவி, கல்வி உதவி எதுவானாலும், செயலாளர் குரலிலோ தலைவர் குரலிலோ போனில் உத்தரவு வந்தால் பொருளாளர் திரும்ப அழைத்துக் கேட்ட பிறகே பணம் அனுப்பப்படும். அறக்கட்டளைப் பெயரைச் சொல்லி உங்களிடம் யாராவது போனில் ஜகாத் கேட்டாலும் துண்டித்துவிட்டு, ரசீதுப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை அழையுங்கள். எண் தாளை எழுதித் தர ஆள் இல்லாத பெரியவர்கள் அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வந்தால் நாங்களே எழுதித் தருகிறோம்.