கூட்ட ஒரு சாவி, கழிக்க ஒரு சாவி

காலை எட்டே முக்கால் மணி. கல்லூரிக் கேண்டீனில் வரிசை வாசல்வரை நிற்கிறது.

"அண்ணே, ஒரு பொங்கல், ஒரு வடை."

"கார்டை வை தம்பி. பீப் சத்தம் வர்ற வரைக்கும் எடுத்துறாத."

சத்தம் வருகிறது. திரையில் மிச்சத்தொகை தெரிகிறது, தட்டு கைக்கு வருகிறது. அந்த மாணவருக்கு வங்கிக் கணக்கு உண்டா, செல்போனில் நெட் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. ஊரிலிருந்து வந்த அப்பா கொடுத்துவிட்டுப் போன ஐந்நூறு ரூபாயை அவர் முந்தின நாளே ரீசார்ஜ் கவுண்டரில் ரொக்கமாகக் கட்டியிருந்தார். அந்த நோட்டு கேண்டீன் நடத்துபவரின் கல்லாவுக்குப் போய், பிறகு அவருடைய வங்கிக் கணக்குக்குப் போயிருக்கும். வங்கியின் வேலை அதோடு முடிந்தது. மாணவர் கையில் இருப்பது, 'இத்தனை ரூபாய்க்கு இவருக்குச் சாப்பாடு தர வேண்டும்' என்று கேண்டீன் ஒப்புக்கொண்ட கணக்கு மட்டும்தான்.

இந்தக் கணக்கை எழுதிவைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்றில் கார்டு வெறும் அடையாளம். அதற்குள் மாற்ற முடியாத ஒரு வரிசை எண் இருக்கும். ரீடர் அந்த எண்ணைப் படித்து சர்வரைக் கேட்கும், சர்வர் தன் பேரேட்டில் கழித்துக்கொள்ளும். சர்வரோடு தொடர்பு அறுந்தால் வரிசை நின்றுவிடும். இன்னொரு வழியில் மிச்சத்தொகையே கார்டுக்குள் இருக்கும். கரண்ட் போய் சர்வர் அணைந்தாலும், பேட்டரியில் ஓடும் ரீடர் ஒன்று இருந்தால் பொங்கல் விற்கலாம். விவரமாகப் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது வகையைத்தான்.

இதற்கு நெடுங்காலமாகப் பரவலாகப் பயன்பட்டுவரும் சில்லு மைஃபேர் கிளாசிக். கார்டிலும் சரி, நீர் விளையாட்டுப் பூங்காக்களில் மாட்டிவிடும் ரப்பர் கைப்பட்டையிலும் சரி, உள்ளே இருப்பது நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு சில்லும் அதைச் சுற்றிய கம்பிச்சுருளும்தான். பேட்டரி கிடையாது. ரீடருக்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போது ரீடரின் மின்காந்த அலையிலிருந்தே அது தனக்கான மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. சில்லின் நினைவகம் 1,024 பைட். அது 16 அறைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு அறைக்கும் 'ஏ', 'பி' என்று இரண்டு ரகசியச் சாவிகள் உண்டு.

இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிப்பது இந்த இரண்டு சாவிகளைத்தான். பணம் வைக்கும் அறையை இப்படி அமைக்கலாம்: 'ஏ' சாவி தெரிந்தவர் தொகையைப் படிக்கலாம், கழிக்கலாம், ஆனால் கூட்ட முடியாது. கூட்டுவதற்கு 'பி' சாவி வேண்டும். எனவே டீக்கடை, ஜூஸ் கடை, ஜெராக்ஸ் கடை என்று வளாகம் முழுக்க வைத்திருக்கும் ரீடர்களுக்கு 'ஏ' சாவியை மட்டும் கொடுப்பார்கள். ரீசார்ஜ் கவுண்டர் ஒன்றில்தான் 'பி' இருக்கும். ஜூஸ் கடை ரீடரை யாராவது தூக்கிக்கொண்டு போனாலும், அதை வைத்துக் கார்டில் ஒரு ரூபாயைக்கூட ஏற்ற முடியாது.

நம் மாணவரின் கார்டில் முன்பு 38 ரூபாய் இருந்ததாக வைத்துக்கொள்வோம். ஐந்நூறு கட்டியதும் கவுண்டர் 'பி' சாவியால் அறையைத் திறந்து 538 ஆக்குகிறது. சில்லுக்குப் புள்ளிவைத்த எண் தெரியாது என்பதால் பெரும்பாலும் பைசாக் கணக்கில் 53,800 என்று எழுதுவார்கள். அதே எண்ணைச் சில்லு மூன்று தடவை எழுதிவைக்கிறது, நடுவில் உள்ளதை மட்டும் தலைகீழாக்கி. மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் ஏதோ கெட்டுவிட்டது என்று ரீடருக்குத் தெரிந்துவிடும். காலையில் பொங்கல் 45, வடை 12, ஆக 57 ரூபாய். கேண்டீன் ரீடர் 'ஏ' சாவியால் 5,700 பைசாவைக் கழிக்கச் சொல்கிறது. மிச்சம் 48,100, அதாவது 481 ரூபாய்.

கழித்தல் ஒரே அடியில் நடப்பதில்லை. சில்லு முதலில் கணக்கைத் தனக்குள் போட்டுப்பார்க்கிறது. அதற்குப் பிறகு வரும் இன்னொரு கட்டளையில்தான் விடை அறையில் எழுதப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில் கார்டை இழுத்துவிட்டால் காசு கழியாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே இழுத்தால் அறை சிதைந்துபோகலாம். அதனால்தான் கவனமாகச் செய்த அமைப்புகளில் பக்கத்திலேயே ஒரு நகலும் இருக்கும். எழுதி முடித்து, 'முடிந்தது' என்ற பதில் ரீடருக்குப் போய்ச் சேர்வதற்குள் இழுத்தால்தான் தகராறு. கார்டில் காசு கழிந்திருக்கும், ரீடரோ 'தோல்வி' என்று காட்டும். "மறுபடி வை தம்பி" என்றால் இரண்டு தடவை கழியும். அந்த நேரத்தில் உடனே விற்பனைக்கு வைக்காமல், மிச்சத்தை மட்டும் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். 538 என்று வந்தால் கழியவில்லை. 481 என்று வந்தால் கழிந்துவிட்டது, தட்டை வாங்கிக்கொள்ளலாம்.

மைஃபேர் கிளாசிக்கின் பூட்டு உடையாததல்ல. அதன் ரகசியக் குறியாக்க முறையை 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் ஆய்வாளர்கள் பிரித்துக்காட்டினார்கள். 2008-ல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள ராட்பௌட் பல்கலைக்கழகத்தினர் அதை முழுவதுமாக உடைத்தார்கள். லண்டன் ஆய்ஸ்டர் பயண அட்டையில் அப்போது இருந்ததும் இதே சில்லுதான். பிறகு வந்த டெஸ்ஃபயர் போன்ற சில்லுகளில் பூட்டு பலமானது. பாதியில் இழுத்தால் பழைய தொகைக்கே திரும்பிவிடும் வசதியும் உண்டு. விலை கூடுதல் என்பதால் பழைய சில்லையே இன்னும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரவுக் கணக்குதான் காவல். ஒவ்வொரு ரீடரும் கார்டின் எண், கழித்த தொகை, கழித்த பின் மிச்சம் ஆகியவற்றைக் குறித்துவைத்திருக்கும். கடை மூடிய பிறகு இவை சர்வருக்குப் போகும். பேரேட்டின்படி 100 ரூபாய் இருக்க வேண்டிய கார்டு 1,000 காட்டியிருந்தால், அதன் எண் தடைப்பட்டியலில் ஏறி, விடிவதற்குள் எல்லா ரீடருக்கும் போய்விடும். கார்டு தொலைந்தது என்று சொன்னாலும் நடப்பது இதுதான். பழைய எண்ணைத் தடுத்து, பேரேட்டில் உள்ள மிச்சத்தைப் புதுக் கார்டில் ஏற்றித் தருவார்கள். சொல்வதற்குள் எடுத்தவர் செலவழித்தது திரும்பாது, ஏனென்றால் இதற்குப் பின் எண் கேட்பதில்லை.

இனி, காசு கட்டுகிறவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. தான் விற்பதை வாங்க மட்டும் ஒரு நிறுவனம் கொடுக்கும் இத்தகைய கார்டை ரிசர்வ் வங்கி மூடிய வகை முன்பணக் கருவி என்று வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த அதன் வழிகாட்டு விதிகளின்படி, இதைக் கொடுக்க ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. இதிலிருந்து ரொக்கம் எடுக்கவோ, வேறொருவருக்குப் பணம் செலுத்தவோ முடியாது. கேஒய்சி இல்லாமல் இரண்டே நிமிடத்தில் கார்டு கைக்கு வருவது இதனால்தான். ஆனால் செல்போன் வாலட் நடத்தும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் பணத்தை வங்கியில் தனிக் கணக்கில் பிரித்துவைக்க வேண்டும் என்ற கட்டாயம் கேண்டீன்காரருக்கு இல்லை. வங்கி வைப்புத்தொகைக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை இருக்கும் காப்பீடும் இதற்கு இல்லை. நீங்கள் கட்டியது அவருக்குக் கொடுத்த முன்பணம், அவ்வளவே.

ஆகவே ரீசார்ஜ் ரசீது யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். கல்லூரி பெயரில் இருந்தால், கேண்டீன் குத்தகைக்காரர் மாறினாலும் கல்லூரி அலுவலகத்தில் கேட்கலாம். குத்தகைக்காரர் பெயரில் இருந்தால் அவர் கிளம்பும்போது மிச்சம் அவரோடே போகக்கூடும். குத்தகை முடியும் மாதத்தில் ஒரு வாரச் செலவுக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. பூங்காக் கைப்பட்டையில் இந்தக் கெடு பெரும்பாலும் அன்று மாலையோடு முடிந்துவிடும். பட்டைக்குக் கட்டிய டெபாசிட்டையும் மிச்சத்தையும் வெளியேறும் கவுண்டரிலேயே வாங்கிவிட வேண்டும். பட்டையைக் கழற்றிக் கொடுப்பதற்கு முன்பே திரையில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொடுத்த பிறகு பார்க்க உங்கள் கையில் எதுவும் இருக்காது.