ஐந்தரை மணி நேரப் பிழை

மென்பொருள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ‘டேக்-ஹோம் அசைன்மென்ட்’ தருவது வழக்கம். “பஸ் டிக்கெட் பதிவுக்கு ஒரு செயலி எழுதி அனுப்புங்கள், 4 மணி நேரம் போதும்” என்று மின்னஞ்சல் வரும். யாரும் 4 மணி நேரத்தில் நிறுத்துவதில்லை. மற்றவர்கள் லாகின் பக்கம், அழகான திரை எல்லாம் சேர்த்திருப்பார்களோ என்ற பயத்தில் சனி, ஞாயிறு இரண்டும் கரைந்துவிடும். கைக்குழந்தையோடு இருப்பவர் அங்கேயே பின்தங்கிவிடுகிறார். யாருக்கு ஓய்வு நேரம் அதிகம் என்பதைத்தான் இந்தத் தேர்வு கண்டுபிடிக்கிறது.

வேலையில் சேர்ந்தபின் புதிதாகச் செயலி எழுதும் நாட்கள் குறைவு. வேறு யாரோ எழுதிய நிரலைப் படித்து, மற்றதைக் கெடுக்காமல் திருத்துவதுதான் அன்றாடப் பாடு. தேர்வும் அப்படியே இருக்கட்டும். அதே டிக்கெட் நிரலைச் சில நூறு வரிகளில், ஓடும் நிலையிலேயே கொடுத்துவிடலாம். அதில் ஒரு பிழை: நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை விற்ற டிக்கெட்டுகள் முந்தைய நாள் வசூலில் சேர்கின்றன. சர்வர் நேரத்தை யுடிசியில் சேமிக்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தி, ஒரு டெஸ்ட்டும் அரைப் பக்கக் குறிப்பும் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சின்னப் பிழையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அவசரக்காரர் சேமிக்கும் இடத்திலேயே ஐந்தரை மணியைக் கூட்டிவிடுவார். இனி விற்கும் டிக்கெட்டுகளுக்குக் கணக்கு சரியாக வரும். பழைய பதிவுகள் அப்படியே இருப்பதால், இரண்டு விதமான நேரங்கள் ஒரே அட்டவணையில் கலந்துவிடும். நிதானமானவர் சேமித்ததைத் தொடமாட்டார். இந்திய நாளின் தொடக்கத்தையும் முடிவையும் யுடிசிக்கு மாற்றி அறிக்கையை எடுப்பார்.

அனுப்புமுன், இந்த நிரலைப் பார்த்திராத உங்கள் ஊழியர் ஒருவரைச் செய்யச் சொல்லுங்கள். அவருக்கு 1 மணி நேரம் ஆனால், பதற்றத்தோடு செய்யும் வெளியாளுக்கு 2 மணி நேரம் கொடுங்கள். அவருக்கே 2 மணி நேரம் ஆனால் கேள்வியைச் சுருக்குங்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதையும், திரை அழகுக்கு மதிப்பெண் கிடையாது என்பதையும் முன்பே எழுதிக் கொடுங்கள். வந்த விடைகளில் கேட்காத அம்சங்கள் நிறைய இருந்தால், உங்கள் அறிவிப்பை யாரும் நம்பவில்லை என்று பொருள். தொடங்கும் நேரத்தை விண்ணப்பித்தவரே தேர்ந்தெடுக்கட்டும்.

நிறுவனத்தில் முடியாமல் கிடக்கும் வேலையைக் கேள்வியாகத் தருவது உழைப்பைத் திருடுவது. எனக்கு அதில் இரண்டாவது கருத்து இல்லை. அரை நாளுக்கு மேல் பிடிக்கும் தேர்வு என்றால் கூலி கொடுத்துவிட வேண்டும். முதல் சுற்றில் பேசிப் பார்த்து, மூன்று நான்கு பேரை மட்டும் இதற்கு அழைத்தால் செலவும் கட்டுக்குள் நிற்கும்.

விடை வந்தபின் அரை மணி நேரம் பேசுங்கள். “நாளை துபாயிலும் டிக்கெட் விற்றால் இந்த நிரலில் எங்கே கைவைப்பீர்கள்?” என்று கேளுங்கள். தானே திருத்தியவர் உடனே அந்த வரிக்குப் போய்விடுவார்.