கதவு மூடுமுன் வெளியேறுவது

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் ஜூன் மாதக் கடைசியில் நடக்கும் 'வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100' ஓட்டத்துக்கு 161 கிலோமீட்டர் தூரம், 30 மணி நேர வரம்பு. சனிக்கிழமை காலை 5 மணிக்கு ஒலிம்பிக் வேலியில் கிளம்புபவர்கள் ஞாயிறு காலை 11 மணிக்குள் ஆபர்ன் நகரத்துப் பள்ளி மைதானத்தை அடைந்தாக வேண்டும். வழியில் சுமார் 20 எய்ட் ஸ்டேஷன்கள் உண்டு. தண்ணீர், உப்பு, சூப், பழம், ஐஸ், மருத்துவ உதவி எல்லாம் அங்கே கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடும் நேரம் இருக்கிறது. அதைத்தான் கட்-ஆஃப் என்கிறார்கள். அதைத் தவறவிட்டவர் கால்களில் எவ்வளவு தெம்பு மிச்சமிருந்தாலும் மேலே போக முடியாது.

புதிதாக வருபவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். இங்கே கட்-ஆஃப் என்பது நிலையத்தை விட்டு வெளியேற வேண்டிய நேரம். உள்ளே வந்து சேர வேண்டிய நேரம் அல்ல. ஐரோப்பாவின் புகழ்பெற்ற யூடிஎம்பி ஓட்டத்திலும் இதுதான் விதி. மூடுவதற்கு மூன்று நிமிடம் முன்பு வந்து, நாற்காலியில் சாய்ந்து சூப் கேட்பவரின் ஓட்டம் அந்த நாற்காலியிலேயே முடிந்துவிடும். சில ஓட்டங்களில் வந்து சேரும் நேரத்தை வைத்தும் கணக்கிடுவார்கள். அதனால் விதிப் புத்தகத்தில் முதலில் தேடிப் படிக்க வேண்டிய வரி இதுதான்.

மெதுவாக ஓடுபவர் நேரத்தை எங்கே இழக்கிறார்? பாதையில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்கு போட்டுப் பார்த்தால் வேறு விடை வருகிறது. 161 கிலோமீட்டரை 30 மணி நேரத்தில் முடிக்க, நிற்கும் நேரத்தையும் சேர்த்து, கிலோமீட்டருக்குச் சராசரியாக 11 நிமிடம் 10 நொடி இருக்கிறது. 20 நிலையங்களிலும் ஐந்தைந்து நிமிடம் நின்றால் 1 மணி 40 நிமிடம் போய்விடும். ஓடும்போதும் நடக்கும்போதும் கிலோமீட்டருக்குப் பத்தரை நிமிடம்தான் மிஞ்சும். பத்துப் பத்து நிமிடம் நின்றால் அது 10 நிமிடத்துக்கும் கீழே இறங்கிவிடும். சமதரையில் வேகமாக நடப்பவரே ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் போவார். மலைப்பாதையில், இரவில், நூறு கிலோமீட்டர் கடந்த கால்களோடு அந்த வித்தியாசத்தை ஓடி ஈடுகட்டுவது மிகக் கடினம். நிற்கும் நேரத்தைக் குறைப்பதற்கோ கூடுதல் தெம்பு எதுவும் வேண்டாம்.

2015-ல் 70 வயது கன்ஹில்ட் ஸ்வான்சன் இந்த ஓட்டத்தை 29 மணி 59 நிமிடம் 54 நொடியில் முடித்தார். கையில் மிஞ்சியது 6 நொடி. ஏதாவது ஒரு நிலையத்தில் பாட்டில் மூடியைத் தேடிக்கொண்டு நின்றிருந்தால்கூட அது போயிருக்கும்.

ஆகவே நிலையத்துக்கு அரை கிலோமீட்டர் முன்பே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். காலி பாட்டிலைக் கையில் எடுத்து மூடியைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். அங்கே கேட்க வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்வது நல்லது: இரண்டு பாட்டில் தண்ணீர், தொப்பியில் ஐஸ், கையில் உருளைக்கிழங்கு. களைத்த மூளை மேசையைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். உணவை ஒரு பையில் போட்டு வாங்கி, நடந்துகொண்டே சாப்பிடலாம். சாப்பிட உட்கார்வதைப் போல நேரத்தை விழுங்குவது வேறு எதுவும் இல்லை என்பது என் திடமான கருத்து.

எனக்கு முக்கியமாகப் படுவது கையிருப்பு. கட்-ஆஃபுக்கு எத்தனை நிமிடம் முன்னதாக இருக்கிறோம் என்பதே கையிருப்பு. ஒரு சின்ன அட்டையில் ஒவ்வொரு நிலையத்தின் மூடும் நேரத்தையும் எழுதி, பக்கத்தில் வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் குறித்துக்கொண்டே போக வேண்டும். உதாரணமாக, ஒருவர் 49-வது கிலோமீட்டரில் இருக்கும் ராபின்சன் ஃபிளாட்டை விட்டுக் கிளம்பும்போது கையிருப்பு 55 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 70-வது கிலோமீட்டரில் லாஸ்ட் சான்ஸ் நிலையத்துக்குள் வரும்போது 50. அங்கிருந்து கிளம்பும்போது 35. பாதையில் 21 கிலோமீட்டரில் அவர் இழந்தது வெறும் 5 நிமிடம், ஒரே நிலையத்தில் இழந்தது 15. இவர் வேகத்தைக் கூட்டத் தேவையில்லை. அடுத்த நிலையங்களில் நிற்காமல் இருந்தால் போதும். எண்கள் தலைகீழாக, பாதையில் 15-ம் நிலையத்தில் 5-ம் போயிருந்தால், காரணம் வெயில், வயிறு, பாதம் மூன்றில் ஒன்றாக இருக்கும். அப்போது நின்று சரிசெய்வதுதான் மிச்சம்.

ஏனென்றால் நிற்காமல் ஓடுவது எப்போதும் லாபம் ஆகாது. பாதத்தில் கொப்புளம் வந்து கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் மெதுவானால், மீதி 80 கிலோமீட்டரில் 80 நிமிடம் போகும். அதைத் துடைத்து, டேப் ஒட்ட எட்டு நிமிடம் போதும். உடல் சூடும் அப்படித்தான். லாஸ்ட் சான்ஸை அடுத்து வரும் ஆழமான பள்ளத்தாக்குகளில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் ஆண்டுகள் உண்டு. முன்னணி வீரர்கள் நண்பகலை ஒட்டி அதைக் கடந்துவிடுகிறார்கள். கடைசியில் வருபவர் பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்கிய பிறகே அங்கே இறங்குகிறார். டெவில்ஸ் தம்ப் ஏற்றத்தின் அடியில் தலை சுற்ற ஆரம்பித்தால் மேலே ஏறி முடிப்பதற்குள் கையிருப்பு மொத்தமும் கரைந்துவிடும். அதனால் அதற்கு முந்தைய நிலையத்தில் தொப்பியிலும் கழுத்துத் துணியிலும் ஐஸ் நிரப்ப இரண்டு நிமிடம் செலவழிப்பது வீண் அல்ல.

தொடக்கத்திலேயே வேகமாக ஓடிக் கையிருப்பைச் சேர்க்கலாமே என்று தோன்றும். இந்தப் பாதையில் மொத்த இறக்கமே ஏறக்குறைய 7,000 மீட்டர். காலையில் உற்சாகத்தில் இறக்கங்களில் பாய்ந்து வருபவரின் தொடைத் தசைகள் மாலைக்குள் நொந்துபோகும். பிறகு ஓடத்தக்க இறக்கத்தில்கூட நடக்க வேண்டிவரும். காலையில் சேர்த்த 20 நிமிடத்துக்கு இரவில் ஒரு மணி நேரம் விலை கொடுப்பார்கள்.

ஹெட்லேம்ப் விஷயத்திலும் நம்பிக்கை மிகுந்த கணக்குதான் காலை வாரிவிடுகிறது. இருட்டுமுன் 100-வது கிலோமீட்டரில் இருக்கும் ஃபாரஸ்ட்ஹில்லுக்குப் போய்விடுவேன் என்று நினைத்து விளக்கை அங்கே வைக்கும் பையில் போட்டுவிடுகிறார்கள். கட்-ஆஃபை ஒட்டி ஓடுபவர் 90-வது கிலோமீட்டரில் மிச்சிகன் பிளஃப்பை அடையும்போதே இருட்டிவிடும். விளக்கு லாஸ்ட் சான்ஸிலிருந்தே கூட இருக்க வேண்டும்.

ஃபாரஸ்ட்ஹில்லை விட்டு இரவு 11 மணிக்குக் கிளம்புபவருக்கு, மீதி 61 கிலோமீட்டருக்கு 12 மணி நேரம் இருக்கிறது. கிலோமீட்டருக்கு 11 நிமிடம் 48 நொடி. தாராளம் போலத் தோன்றும். ஆனால் இடையில் இன்னும் பத்து நிலையங்கள், ரக்கி சக்கி ஆற்றைக் கடப்பது, அக்கரையில் கிரீன் கேட் வரை ஏற்றம் எல்லாம் உண்டு. ஆறு வரைக்குமான 26 கிலோமீட்டர் பெரும்பாலும் இறக்கம். இரவில் ஓட முடிந்த இடம் அதுதான். அங்கே மெதுவாகப் போனவர் விடிந்த பிறகு அதை மீட்பது அபூர்வம்.

கடைசிப் பகுதிக்குக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். நோ ஹேண்ட்ஸ் பாலத்திலிருந்து மைதானம் ஐந்தரை கிலோமீட்டர். ராபி பாயிண்ட் வரை ஏறும் பகுதியைக் களைத்த நடையில் கடக்க 50 நிமிடம், பிறகு ஊருக்குள் இரண்டு கிலோமீட்டருக்கு 25 நிமிடம் என்று வைத்தால், காலை 9.45-க்குப் பாலத்தைத் தாண்டியிருக்க வேண்டும். அதற்குப் பிந்தி வருபவர் பாலத்தில் பாட்டிலை நிரப்பக்கூட நிற்கக் கூடாது. முந்தைய நிலையமான பாயின்டட் ராக்ஸிலேயே முடிவு வரைக்கும் போதுமான தண்ணீரை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.