தோடி காந்தாரத்துக்கு மிடி எண் என்ன?

ஆடி மாதம் வந்தால் பெருங்களத்தூர், தாம்பரம் பக்கம் கோயில் திடல்களில் மெல்லிசைக் கச்சேரிக்கு மேடை எழும்பும். கீபோர்டு வாசிப்பவருக்கு மேடை வேலையைவிடப் பெரிய வேலை அதற்கு முன்பே முடிந்திருக்கும். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பாட்டை நான்கு நான்கு விநாடியாகத் திருப்பித் திருப்பிப் போட்டு, இடையில் வரும் ஒவ்வொரு மியூசிக் பிட்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். 'நோட்ஸ் எடுப்பது' என்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இளையராஜா தம் வாத்தியக்காரர்களுக்கு மேற்கத்தியக் குறியீட்டில் கைப்பட எழுதிக்கொடுத்து வாசிக்க வைப்பவர். அப்படிக் காகிதத்தில் தொடங்கிய இசை ஒலியாகி, இங்கே ஒருவர் கையில் மறுபடி காகிதமாகிறது.

இந்த வேலையைக் கணினி செய்யுமா? ஒரு குரல் மட்டும் என்றால் பெருமளவு செய்யும். முழு வாத்தியக் குழு என்றால் திணறும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது வேகமான கணினி வாங்கிச் சரிசெய்யக்கூடிய இடைவெளி அல்ல.

முதலில் ஒரு குரல். பெருங்களத்தூரில் ஒரு வீட்டில் ஒரு பெண் ஐந்தரைக் கட்டை சுருதியில், தம்புரா கூட இல்லாமல், செல்போனில் பாடிப் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஆதார ஷட்ஜம் விநாடிக்குச் சுமார் 207.65 அதிர்வுகள். பதிவில் ஒரு விநாடி என்பது 44,100 எண்களின் வரிசை. ஷட்ஜத்தில் நிற்கும்போது அலையின் அதே வடிவம் ஏறத்தாழ 212 எண்களுக்கு ஒருமுறை திரும்ப வரும். அலையின் நகல் ஒன்றை எடுத்து அசல்மேல் வைத்து, ஒவ்வோர் எண்ணாக நகர்த்திப் பார்த்தால் 212-ஆவது இடத்தில் இரண்டும் பொருந்தும். நிரல் செய்வது அடிப்படையில் இதுதான். 2002-இல் டி ஷவெய்ன்யே, கவஹாரா என்ற இருவர் வெளியிட்ட 'யின்' என்ற முறை இதைச் செம்மையாக்கியது. இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள்.

செம்மையாக்க வேண்டிய காரணம், 212-இல் பொருந்தும் அலை 424-இலும் பொருந்தும் என்பதுதான். ஏமாந்தால் நிரல் மத்திய ஷட்ஜத்தை மந்திர ஷட்ஜம் என்று எழுதிவிடும். குரலில் இரட்டைப்படை மேற்சுரங்கள் ஓங்கி ஒலித்தால் 106-லேயே பொருந்திவிட்டதுபோல் தோன்றி, தார ஷட்ஜமாக எழுதவும் கூடும். திரையில் இந்தப் பிழை பளிச்சென்று தெரியும். சீராகப் போகும் கோடு சட்டென்று 12 படி எகிறி, அதே வேகத்தில் திரும்பும். மனிதக் குரல் அப்படிக் குதித்துத் திரும்புவது அபூர்வம்.

அதிர்வு கிடைத்தபின் அதை மிடி எண்ணாக்க வேண்டும். மிடி 1983-இல் வந்தது. அதில் ஒலி கிடையாது. எந்தக் கட்டை, எப்போது அழுத்தப்பட்டது, எவ்வளவு வலுவாக, எப்போது விடப்பட்டது என்ற செய்திகள் மட்டுமே. கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள். 440 ஹெர்ட்ஸுக்கு 69.

```
n = 69 + 12 * log2(f / 440)
```

207.65-ஐப் போட்டால் 56 வருகிறது. ஆனால் தம்புரா இல்லாமல் பாடுபவர் கொஞ்சம் ஏற்றி 212 ஹெர்ட்ஸில் ஷட்ஜம் பிடித்திருந்தால் 56.36 வரும். அது 56-தான் என்று நிரல் முழுமையாக்கிக்கொள்ளும். அடுத்த ஆவர்த்தனத்தில் குரல் இன்னும் ஒரு இம்மி ஏறினால் 56.5-ஐத் தாண்டி 57 ஆகிவிடும். ஷட்ஜம் சுத்த ரிஷபம் ஆகிவிட்டது! அதனால் பாடகரின் சுருதியை முதலில் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் அதிலிருந்து அளக்க வேண்டும். பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் நடந்த 'காம்ப்மியூசிக்' திட்டத்தில் சென்னை ஐஐடியின் ஹேமா மூர்த்தி குழுவும் பங்கேற்றது. கர்நாடக இசைப் பதிவுகளில் சுருதியைத் தானாகக் கண்டறிவது அங்கே தனி ஆராய்ச்சிப் பொருளாகவே இருந்தது.

இனிதான் சங்கடம். அந்தப் பெண் தோடி பாடுகிறார். ஷட்ஜம் 56 என்றால், தோடியின் சாதாரண காந்தாரத்துக்கு ஏட்டுக் கணக்குப்படி 59. ஆனால் தோடியில் காந்தாரம் அந்த இடத்தில் நிற்பதே அரிது. ரிஷபத்தின் பக்கமிருந்து மத்யமம் வரை அசைந்து அசைந்து வரும். அளவிடும் கோட்டை வரைந்து பார்த்தால் 57-க்கும் 61-க்கும் நடுவே அலையலையாக இருக்கும். 59-ஐ ஒவ்வொரு முறையும் கடந்து மட்டும் போகும். இதை நிரலிடம் கொடுத்தால் 58, 60, 61, 60, 58 என்று பொடிப்பொடியாக ஒரு சரம் எழுதித் தரும். ஒவ்வொன்றும் அளவில் சரி, சேர்த்துப் பார்த்தால் தப்பு. பாடியவர் பாடியது ஒரே ஒரு 'க'.

மிடியில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. 59-ஐ அழுத்தியபடியே சுருதியை வளைக்கும் 'பிட்ச் பெண்ட்' செய்திகளை அனுப்பலாம். வழக்கமான அமைப்பில் அது மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம் வளையும். நமது காந்தாரத்துக்குச் சரியாகப் போதும். திரும்பக் கேட்டால் தோடி போலவே இருக்கும். ஆனால் எது தனிச் சுரம், எது ஒரே சுரத்தின் அசைவு என்ற தீர்ப்பை யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? சின்னசாமி முதலியார் 1890-களில் சென்னையிலிருந்து நம் கீர்த்தனைகளை மேற்கத்தியக் குறியீட்டில் அச்சிட்டபோதும், 1904-இல் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யைக் கமகக் குறிகளுடன் கொண்டுவந்தபோதும் செய்தது இந்தத் தீர்ப்பைத்தான். ராகம் தெரிந்தவருக்கு அது முடியும். அதிர்வை மட்டும் அளக்கும் நிரலுக்கு முடியாது. ஆக, ஒற்றைக் குரலிலேயே அளப்பது எளிது, எழுதுவதுதான் கடினம்.

முழுக் குழுவில் அளப்பதே உடைந்துபோகிறது.

ஒரு கணத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பாடகி தார ஷட்ஜத்தைத் தொடுகிறார்: 415.3 ஹெர்ட்ஸ். அதே கணத்தில் பேஸ் கிட்டார் அதே சுரத்தை மூன்று ஸ்தாயி கீழே வாசிக்கிறது: 51.9 ஹெர்ட்ஸ். பேஸ் கம்பி 51.9-இல் மட்டும் ஒலிப்பதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று எல்லா மடங்குகளிலும் மேற்சுரங்கள் எழும். எட்டாவது மடங்கு 415.3. அங்கேதான் பாடகி நிற்கிறார். அவர் குரலின் இரண்டாம் மேற்சுரம் பேஸின் பதினாறாவதில் விழுகிறது, மூன்றாவது இருபத்துநான்காவதில் விழுகிறது. குரலுக்கென்று தனி இடமே மிஞ்சவில்லை. இது தற்செயலும் அல்ல. சுருதி சேர்ந்து ஒலிக்கிறது என்று நாம் ரசிக்கும் இனிமைக்குக் காரணமே மேற்சுரங்கள் இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுவதுதான். குழு எவ்வளவு சுத்தமாகச் சுருதி சேர்க்கிறதோ அவ்வளவு கடினம் பிரிப்பது.

மேலே விழுந்தால் என்ன, வலுவைப் பார்த்துக் கழித்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் நடக்காது. ஒரே அதிர்வெண்ணும் சம வலுவும் கொண்ட இரண்டு ஒலிகள் சேரும்போது, ஏற்றம் ஏற்றத்தோடு சேர்ந்தால் இரு மடங்காகும். ஏற்றம் இறக்கத்தோடு சேர்ந்தால் ஒன்றுமில்லாமல் போகும். நடுவில் எந்த அளவும் வரலாம். பதிவில் இருப்பது கூட்டுத்தொகை மட்டுமே. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதுகூட அதில் எழுதியிருக்காது.

பேஸுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. 51.9-க்கு அடுத்த அரைச்சுரம் 55 ஹெர்ட்ஸ். வித்தியாசம் மூன்று அதிர்வுகள்தான். இவ்வளவு நெருங்கிய இரண்டைத் தெளிவாகப் பிரித்தறிய ஏறத்தாழ விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் கேட்டாக வேண்டும். இது இயற்கை வைத்த வரம்பு. ஆனால் நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் குத்துப்பாட்டில் பேஸ் கால் விநாடிக்கு ஒரு சுரம் மாறிவிடும். கேட்டு முடிப்பதற்குள் சுரம் போய்விட்டது. மேற்சுரங்களில் வித்தியாசம் பெரிதாகும், எட்டாவதில் 25 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். அங்கே பார்க்கலாம் என்றால் அங்கேதான் குரலும் கீபோர்டும் உட்கார்ந்திருக்கின்றன.

தாளவாத்தியத்தையாவது சத்தம் என்று ஒதுக்கிவிடலாமா? டிரம்ஸை ஓரளவு ஒதுக்கலாம், அதன் மேற்சுரங்கள் ஒழுங்கான மடங்குகளில் வராது. மிருதங்கமும் தபலாவும் அப்படியல்ல. தோலின் நடுவில் இருக்கும் கருப்புப் பூச்சினால் அவற்றின் மேற்சுரங்கள் கம்பி வாத்தியம்போல ஒழுங்கான மடங்குகளில் அமைகின்றன என்று சி.வி. ராமன் 1920-இலேயே 'நேச்சர்' இதழில் எழுதினார். வலந்தலையை ஷட்ஜத்துக்குச் சேர்த்தும் வைத்திருப்பார்கள். நிரலின் கண்ணுக்கு ஒவ்வொரு மீட்டுச் சொல்லும் யாரோ ஷட்ஜம் வாசித்த மாதிரிதான்.

அப்படியானால் மனிதக் காது எப்படிப் பிரிக்கிறது? ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக அசைவதை ஒரே பொருள் என்று எடுத்துக்கொள்கிறது. பாடகி கமகம் பிடித்தால் அவர் குரலின் எல்லா மேற்சுரங்களும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும். பேஸும் கீபோர்டும் அசையாது. அசைகிற கூட்டத்தை மட்டும் பொறுக்கி எடுத்தால் குரல். சலமோன், கோமஸ் என்ற இருவர் 2012-இல் வெளியிட்ட 'மெலோடியா' முறை, குழுவுக்குள் ஓடும் முக்கிய மெட்டைத் தேடும்போது இந்த அசைவையும் ஒரு தடயமாகக் கொள்கிறது. ஒற்றைக் குரலில் எழுதவிடாமல் படுத்திய அதே கமகம், கூட்டத்தில் குரலைக் காட்டிக்கொடுக்கிறது!

இப்போது பயிற்சி பெற்ற நிரல்களும் வந்துவிட்டன. பியானோவில் அவை வியக்கத்தக்க அளவுக்குத் தேறியிருக்கின்றன. பியானோ தொடர்ந்து வழுக்கும் வாத்தியமல்ல என்பது ஒரு காரணம். இன்னொன்று, வாசிக்கும்போதே எந்தக் கட்டை எப்போது அழுந்தியது என்று பதியும் பியானோக்கள் இருப்பதால், சுமார் 200 மணி நேர இசைக்குச் சரியான விடைத்தாள் கையில் இருக்கிறது. நாகஸ்வரத்துக்கோ முழுத் திரைப்பாடலுக்கோ அப்படி ஒரு விடைத்தாள் இல்லை. காம்ப்மியூசிக்கின் 'சராகா' தொகுப்பில் கர்நாடகக் கச்சேரிகள் பல கலைஞருக்கு ஒரு டிராக்காக இருக்கின்றன. ஆனால் அவை ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவை. பாடகர் மைக்கில் வயலினும் ஏறியிருக்கும்.

கச்சேரிக்காரர்களுக்கு இதில் கைக்கு உதவுவது, பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரித்துத் தரும் நிரல்கள். குரலையும் பேஸையும் தனித்தனியாக மிடி ஆக்கினால் பாதி வேலை முடிந்தது. திருத்தும்போது முதலில் பார்க்க வேண்டியது, வலுவான சுரத்துக்கு மேலே சரியாக 12, 19, 24 படி தள்ளி மெலிதாக நிற்கும் சுரங்கள். அவை பெரும்பாலும் மேற்சுரத்தின் ஆவிகள். ஒரு காதில் பாட்டையும் மறு காதில் மிடியையும் போட்டுக் கேட்டால் எஞ்சிய பிழையும் அகப்படும்.

'மற்றவை' டிராக்குதான் வம்பு. வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் கிட்டாரும் ஒன்றாக அதில் கிடக்கும். அதிலும் எம்பி3-யாக இறக்கிய பாட்டு என்றால், உரத்த ஒலிக்கு அடியில் காதுக்குக் கேட்காது என்று கணித்த ஒலிகளின் விவரத்தைக் கோப்பைச் சுருக்கும்போதே குறைத்துவிட்டிருப்பார்கள். இரண்டாம் வயலின் வாசித்ததில் ஒரு பங்கு கோப்பிலேயே இல்லை. கீபோர்டுக்காரர் அந்த இடத்தில் என்ன கார்டு ஓடுகிறது என்று பார்த்து, வயலின் இதைத்தான் வாசித்திருக்கும் என்று ஊகித்துப் போட்டுக்கொள்கிறார். திடலில் கேட்பவர்கள் யாரும் அதைக் குறை சொன்னதில்லை.